காமிக்ஸ் பக்கத்தை எழுத்தாக்குவது: பலூன் வரிசை, பேசுபவர் பெயர், ஒலி

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் அண்ணன் மகளுக்குப் பார்வை இல்லை. படக்கதை என்றால் உயிர். அவள் போனில் கேட்பதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது கோபாலபுரம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி என்று சிலர் சேர்ந்து எழுதுகிறோம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்தை உதாரணமாக எடுத்திருக்கிறேன். பழக்குவதற்காக நாங்களே வரைந்த பக்கம் அது: தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்டில் ஒரு மொபெட்டை நிறுத்துகிறார்கள், மொபெட்டில் அப்புச்சியும் பேரன் கதிரும், பின்னால் ஒரு சாக்கு மூட்டை.

போட்டோ எடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும் ஆப் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. எழுத்தைப் பல சமயம் நன்றாகவே பிடித்துவிடும், வரிசையைத்தான் கெடுக்கும். பேச்சு எழுதியிருக்கும் பலூன் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவற்றை இரண்டு தனிப் பேச்சாகப் பார்க்காமல் இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்துவிடும். எங்கள் பக்கத்தில் "அப்புச்சி, சாக்கு / ஆடுதுங்க!" என்று இரண்டு வரியில் ஒரு பலூன். அதை ஒட்டி "புடிச்சுக்கோ கண்ணு, / ஆடாது." என்று இன்னொன்று. கிடைத்தது "அப்புச்சி, சாக்கு புடிச்சுக்கோ கண்ணு, ஆடுதுங்க! ஆடாது." கண்ணால் பார்க்கிறவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். காதால் மட்டும் கேட்கிற குழந்தைக்கு அங்கேயே கதை உடைந்துவிடும். எழுத்தை ஆப்பில் எடுத்துவிட்டு, பக்கத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நீங்கள் வரிசைப்படுத்தினால் நேரம் மிச்சம். அப்படியே அனுப்ப மட்டும் வேண்டாம்.

ஒரு கட்டத்தில் மூன்று நான்கு பலூன் இருந்தால் எதை முதலில் எழுதுவது?

முதலில் மேலே இருப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் இருப்பது. தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாமே இடமிருந்து வலம் எழுதுவதால் இந்த மூன்று மொழிப் படக்கதைக்கும் இது பொருந்தும்.

"ஏறக்குறைய" என்று சொல்வதற்கு நாங்கள் ஒரு அளவு வைத்திருக்கிறோம். இரண்டு பலூன்களின் மேல் விளிம்பையும் பாருங்கள். வித்தியாசம் பலூனுக்குள் இருக்கும் ஒரு எழுத்து வரியின் உயரத்துக்கும் குறைவு என்றால் ஒரே உயரம் என்று வைத்து இடப்பக்கத்தை எடுங்கள். அதைவிட அதிகம் என்றால், வலப்பக்கம் இருந்தாலும் மேலே இருப்பதே முதல். அப்புறம் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வந்தால் எங்கோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வேறு இடத்தில். யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, இடப்பக்கம் நிற்பவர் பேச்சை முதலில் எழுதிவிடுகிறார்கள். எங்கள் இரண்டாவது கட்டத்தில் அப்புச்சி இடப்பக்கம், போலீஸ்காரர் வலப்பக்கம். ஆனால் முதலில் பேசுவது போலீஸ்காரர். அதனால் அவர் பலூனை மேலே இடப்பக்கம் வைத்து, பேசுபவரைக் காட்டும் அதன் வாலை அப்புச்சி தலைக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய் அவர் வாயில் விட வேண்டியிருந்தது. அப்புச்சி பலூனின் வால் இந்தப் பக்கம் வர, இரண்டு வாலும் குறுக்கே வெட்டிக்கொண்டன. ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும், வண்டியை நிறுத்தச் சொல்வதற்கு முன்பே அப்புச்சி "நிறுத்திட்டேங்க சார்" என்று சொல்வதுபோல எழுதியிருந்தார்கள். வரிசை தெரிய பலூன் இருக்கும் இடத்தைப் பாருங்கள், ஆள் தெரிய வாலைப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியாகச் செய்தால் குழப்பமே வராது. நான் பென்சிலால் பலூன்களுக்கு 1, 2, 3 என்று போட்டு முடித்துவிட்டுத்தான் யார் பேசுகிறார் என்றே பார்ப்பேன்.

இரண்டு பலூன் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, ஒரே வரியில் எழுதலாமா?

நடுவில் வேறு யாரும் பேசவில்லை என்றால் எழுதலாம். சின்னக் கழுத்துபோல ஒரு இணைப்பால் சேர்ந்திருக்கும் பலூன்கள் ஒரே ஆளுடையவை. இடையில் ஒரு மூச்சு விடுகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கழுத்து நீளமாக இருந்து, நடுவில் இன்னொருவர் பலூன் நுழைந்திருந்தால் பிரித்துத்தான் எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தில் அப்புச்சிக்கு இப்படி இரண்டு பலூன். மேலே "கத்தரிக்கா சார்." கீழே "ஆமா சார், நாட்டுக் கத்தரி." நடுவில் போலீஸ்காரரின் "கத்திரிக்கயோ?" ஒட்டியிருக்கிறதே என்று அப்புச்சியின் இரண்டையும் சேர்த்தால், கேட்காத கேள்விக்கு "ஆமா" என்கிறார்.

ஒரு பக்கம் உயரமான கட்டம், இன்னொரு பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டம். எப்படிப் போவது?

உயரமான கட்டம் வலப்பக்கம் இருந்தால், இடப்பக்கம் உள்ள இரண்டையும் மேலிருந்து கீழாக முடித்துவிட்டு அதற்கு வாருங்கள். உயரமானது இடப்பக்கம் இருந்தால் அதுதான் முதல். சந்தேகம் வந்தால் கட்டங்களுக்கு இடையில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். எந்தக் கோடு உடையாமல் மேலிருந்து கீழ்வரை போகிறதோ அதன் இடப்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் வலப்பக்கம் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் 3, 4 இடப்பக்கம், 5 வலப்பக்கம் முழு உயரத்துக்கு.

பலூன் வால் யாரிடமும் போகாமல் கட்டத்தின் ஓரத்தில் போய் முட்டுகிறது. யார் பெயரைப் போடுவது?

வால் ஓரத்தில் முட்டினால் பேசுபவர் படத்துக்கு வெளியே இருக்கிறார் என்று பொருள். முன்பின் கட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் ஐந்தாவது கட்டத்தில் போலீஸ்காரர் முகம் பெரிதாக இருக்கிறது, அப்புச்சி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். வெளியிலிருந்து ஒரு குரல்: "நாட்டுக் கத்தரி சார், கூவும்!" மிச்சம் இருப்பது கதிர் ஒருவன்தான். அதனால் "கதிர் (படத்துக்கு வெளியே)" என்று எழுதுகிறோம். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் "குரல்" என்று மட்டும் போடுங்கள். ஊகித்துப் பெயர் போட்டுவிட்டால், கேட்பவருக்கு அது ஊகம் என்று தெரிய வழியே இல்லை.

இதிலேயே இன்னொன்று. உங்களுக்குத் தெரியும் என்பதற்காகக் கதைக்கு முன்னால் ஓடாதீர்கள். முகமூடிக்காரன் யார் என்பது பதினைந்தாம் பக்கத்தில்தான் தெரியும் என்றால், அதுவரை பெயர் "முகமூடிக்காரன்"தான். பார்த்துப் படிப்பவருக்கு அந்தப் பக்கத்தில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் கேட்பவருக்கும் தெரிய வேண்டும். என் அண்ணன் மகள் ஒரு முறை, "சித்தப்பா, நீங்க முதல்லயே சொல்லிட்டீங்க" என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதையைத் தொடவில்லை. அன்று முதல் இதில் கண்டிப்பாக இருக்கிறேன்.

ஒலிகளைத் தனியாக வைக்க வேண்டும் என்கிறீர்கள். எல்லாவற்றையும் கடைசியில் ஒரு பட்டியலாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒலிக்குத் தனி வரி வேண்டும், ஆனால் அது கதையில் நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் நானும் பக்கத்தின் அடியில் "ஒலிகள்: டுர்ர், க்ரீச்ச், டமார்" என்று சேர்த்துப் போட்டேன். "லாரி எப்போ மோதுச்சு?" "ஏன் திடீர்னு எல்லாரும் ஓடறாங்க?" என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. படக்கதையில் பாதிப் பேச்சு ஒரு சத்தத்துக்குப் பதிலாகத்தான் வருகிறது. சத்தத்தை எடுத்துவிட்டால் பேச்சு அந்தரத்தில் தொங்கும்.

அதற்காகப் பேச்சு வரிக்குள்ளேயே நுழைத்துவிடவும் கூடாது. "அப்புச்சி: க்ரீச்ச் நிறுத்திட்டேங்க சார்" என்று எழுதினால் அப்புச்சியே க்ரீச்ச் என்று சொல்வதுபோலக் கேட்கும். ஒரு பலூனுக்கு ஒரு வரி, ஒரு ஒலிக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் யார் அல்லது எது, அப்புறம் முக்காற்புள்ளி. ப என்றால் பக்கம், க என்றால் கட்டம், பெட்டி என்றால் பலூன் இல்லாமல் சதுரமாக வரும் கதைசொல்லி வாசகம். முழுப் பக்கம் இப்படி வரும்:

```
ப12 க1
பெட்டி: வேலந்தாவளம். காலை ஆறு மணி.
ஒலி (மொபெட்): டுர்ர்ர்ர்
கதிர்: அப்புச்சி, சாக்கு ஆடுதுங்க!
அப்புச்சி: புடிச்சுக்கோ கண்ணு, ஆடாது.

ப12 க2
போலீஸ்காரர்: வண்டி ஒதுக்கி நிர்த்து!
ஒலி (மொபெட்): க்ரீச்ச்
அப்புச்சி: நிறுத்திட்டேங்க சார்.

ப12 க3
போலீஸ்காரர்: சாக்கில் எந்தா?
அப்புச்சி: கத்தரிக்கா சார்.
போலீஸ்காரர்: கத்திரிக்கயோ?
அப்புச்சி: ஆமா சார், நாட்டுக் கத்தரி.

ப12 க4
ஒலி (சாக்கு): கொக்கரக்கோ!

ப12 க5
போலீஸ்காரர்: கத்திரிக்க கூவுமோ?
கதிர் (படத்துக்கு வெளியே): நாட்டுக் கத்தரி சார், கூவும்!
```

இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். "க்ரீச்ச்" அச்சில் இருப்பது கட்டத்தின் அடியில், சக்கரத்தை ஒட்டி. மேலிருந்து கீழ் என்ற விதிப்படி போனால் அது கடைசியில் வர வேண்டும். ஆனால் ஒலி எழுத்தை எங்கே வரைவது என்பதைச் சத்தம் வரும் பொருள்தான் முடிவு செய்கிறது. சக்கரம் கீழே இருந்தால் எழுத்தும் கீழே. எப்போது நடந்தது என்பது அந்த இடத்தில் எழுதியிருக்காது. அதனால் ஒலிக்கு மட்டும் வேறு விதி: யாராவது அந்தச் சத்தத்துக்குப் பதிலாகப் பேசினால், அந்தப் பேச்சுக்கு முந்தின வரியில் ஒலி. யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால், அச்சில் இருக்கும் இடத்தின்படி. இங்கே "நிறுத்திட்டேங்க" என்பது நிறுத்திய பிறகு சொல்வது, அதனால் ஒலி அதற்கு முன்னால்.

நான்காவது கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. சாக்குக்கு மேலே பெரிய எழுத்தில் கொக்கரக்கோ, பலூன் இல்லை, வால் இல்லை, சேவலும் தெரியவில்லை. புதிதாக எழுதியவர்கள் பாதிப் பேர் "சேவல்: கொக்கரக்கோ!" என்று எழுதினார்கள். படத்தில் சேவல் எங்கே இருக்கிறது? தெரிவது சாக்குதான். அடைப்புக்குள் போடுவது சத்தம் எங்கிருந்து வருவதாகப் படத்தில் தெரிகிறதோ அந்தப் பொருள். கேட்கிற குழந்தை சாக்குக்குள் சேவல் இருப்பதைத் தானே கண்டுபிடிக்கட்டும்.

அப்படியானால் ஒலியை மட்டும் தனியாக எடுக்க முடியாதா?

வரித் தொடக்கம் ஒரே மாதிரி இருந்தால் ஒரு நொடி வேலை. பக்கத்தை p12.txt என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக UTF-8 யூனிகோடில் சேமித்திருந்தால், லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில் முதல் கட்டளை ஒலிகளை மட்டும் தரும், இரண்டாவது ஒலி இல்லாத மற்ற எல்லா வரிகளையும் தரும்:

```
grep '^ஒலி' p12.txt
grep -v '^ஒலி' p12.txt
```

ஒலி மட்டும் உள்ள பட்டியல், கதையை நாடகமாக ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு மிகவும் உதவும். ஒலி இல்லாத பேச்சை, ஏற்கெனவே ஒரு முறை கேட்டுவிட்டு வேகமாக மறுபடி கேட்க விரும்புகிறவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

நாய் குரைப்பது, தும்மல், "ஆ!" என்று அலறுவது எல்லாம் ஒலியா பேச்சா?

பலூனும் வாலும் இருந்தால் பேச்சு. வெறும் எழுத்தாகப் படத்தில் வரைந்திருந்தால் ஒலி. மணி என்ற நாய்க்குப் பலூன் போட்டு "லொள்!" என்று எழுதியிருந்தால், ஓவியர் அந்த நாயை ஒரு பாத்திரமாகப் பேசவைக்கிறார் என்று அர்த்தம். அதை "மணி: லொள்!" என்றே எழுதுங்கள். அதே நாய் தூரத்தில், பலூன் இல்லாமல் குரைத்தால் "ஒலி (நாய்): லொள் லொள்". தும்மலும் அலறலும் இப்படித்தான். இது முழுக்கச் சரியான விதி என்று சொல்ல மாட்டேன். உயரத்திலிருந்து விழுகிறவனின் "ஆஆஆ" பலூன் இல்லாமல் பக்கம் முழுக்க நீளும், அதை "ஒலி (கதிர்)" என்று எழுத மனசு வராது. ஆனாலும் எழுதுங்கள். பத்துப் பேர் பத்து விதமாக எழுதினால் எந்த வரியைத் தேடினாலும் கிடைக்காது.

மலையாளத்தில் பேசுகிற பாத்திரம் வந்தால் தமிழாக்கிவிடலாமா?

கூடாது. "வண்டி ஒதுக்கி நிர்த்து" என்று தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தால் அப்படியே எழுதுங்கள், "நிறுத்து" என்று திருத்த வேண்டாம். செக்போஸ்டில் அந்த ஒரு எழுத்துதான் அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்கிறது. "கத்தரிக்கா", "கத்திரிக்க" இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் மூன்றாவது கட்டத்தின் சிரிப்பே போய்விடும். இதே நிலைமை நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கு கலந்து வரும் கதைகளுக்கும். அந்தச் சொல் கேட்பவருக்குப் புரியாது என்று தோன்றினால், அடுத்த வரியில் "பொருள்:" என்று தொடங்கித் தமிழில் எழுதுங்கள். எங்கள் ஊருக்கு அது தேவைப்படாது, தஞ்சாவூரில் கேட்பவருக்குத் தேவைப்படும்.

ஒலிக்கும் இதே கதைதான். மலையாளப் பத்திரிகையிலிருந்து எடுக்கும்போது துப்பாக்கிச் சத்தம் "ட்டோ" என்று இருந்தால், நமக்குப் பழகியதே என்று "டுமீல்" ஆக்க வேண்டாம். ஆங்கிலக் கதையின் தமிழ்ப் பதிப்பில் பேச்சு தமிழாகி, படத்தோடு வரைந்த ஒலி மட்டும் ஆங்கிலமாகவே நிற்பதும் உண்டு. அதை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள். மொழிபெயர்ப்பு தனி வேலை, அதை இதோடு கலக்கக் கூடாது.

கத்துவது, கிசுகிசுப்பது, மனசுக்குள் நினைப்பது இதையெல்லாம் காட்ட வேண்டுமா?

பலூனின் கோடு சொன்னால் மட்டும். வாலுக்குப் பதில் சின்னச் சின்ன வட்டம் இருந்தால் (எண்ணம்), புள்ளிக்கோடாக இருந்தால் (மெதுவாக), முள்முள்ளாக இருந்தால் (கத்தல்), வால் மின்னல்போல நெளிந்தால் (போன்) அல்லது (ரேடியோ). பெயருக்குப் பின்னால் அடைப்பில் போடுங்கள். "சோகமாக", "கோபமாக" என்றெல்லாம் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

"டமாஆஆஆர்ர்ர்" போன்றதைப் போன் தாறுமாறாகப் படிக்கிறது. சுருக்கலாமா?

அச்சில் இருப்பதை அப்படியே விடுங்கள். போனில் படிக்கும் குரல் இப்படிப்பட்ட சொல்லில் தடுமாறுவது உண்மைதான், சில சமயம் எழுத்தெழுத்தாகப் பிரித்தும் சொல்லும். ஆனால் நீளமான டமார் பெரிய வெடி, குட்டி டமார் சின்ன வெடி. அந்த வித்தியாசம் எழுத்தின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. தனி வரியில் இருப்பதால், பிடிக்காதவர் ஒரு விரல் தள்ளலில் அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

ஜப்பானியக் கதைகளுக்கும் இதே வரிசையா?

இல்லை. மூலப் படத்தை இடவலம் மாற்றாமல் அச்சிட்டிருந்தால் வலமிருந்து இடம். கட்டத்துக்கும் பலூனுக்கும் இரண்டுக்குமே. மேலே சொன்னதில் "இடப்பக்கம்" என்று வரும் இடமெல்லாம் "வலப்பக்கம்" என்றும், "வலப்பக்கம்" என்று வரும் இடமெல்லாம் "இடப்பக்கம்" என்றும் மாற்றிக்கொள்ளுங்கள், மேலிருந்து கீழ் மாறாது.

ஒரே ஆள் பெயர் இரண்டு ஆளாக வருகிறது. ஏன்?

பெரும்பாலும் ஔகாரம். "சௌந்தரம்" என்பதில் ௌ ஒரே குறி. சிலர் கொம்பைத் தனியாகவும் ள எழுத்தைத் தனியாகவும் தட்டி "செளந்தரம்" என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கணினிக்கு வேறு வேறு சொல். போனும் இரண்டாவதை "செ-ளந்தரம்" என்று படிக்கும். கோப்பை அனுப்புவதற்கு முன் பெயர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்:

```
cut -s -d: -f1 p12.txt | LC_ALL=C sort | LC_ALL=C uniq -c
```

எங்கள் பக்கத்துக்குப் போலீஸ்காரர் 4, அப்புச்சி 4, கதிர் 1, கதிர் (படத்துக்கு வெளியே) 1, பெட்டி 1, மொபெட் ஒலி 2, சாக்கு ஒலி 1 என்று வர வேண்டும். மொத்தம் பதினான்கு. அச்சுப் பக்கத்தில் பலூன், பெட்டி, ஒலி எல்லாவற்றையும் விரல் வைத்து எண்ணுங்கள். அதுவும் பதினான்கு வந்தால் எதுவும் விட்டுப்போகவில்லை.

எண்ணிக்கை சரி, வரிசை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தைப் பார்க்காத ஒருவருக்குப் படித்துக் காட்டி, என்ன நடந்தது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களே படித்தால் கண் தானாகப் படத்தை நிரப்பிக்கொள்ளும். இந்தப் பக்கத்தை நான் என் அண்ணன் மகளுக்கு முதலில் அனுப்பியபோது நான்காவது கட்டத்தில் வெறும் "ஒலி: கொக்கரக்கோ!" என்றுதான் இருந்தது. அவள் கேட்டுவிட்டு, "ரோட்டுல ஏதோ சேவல் கத்துது, அதுக்கு எதுக்குப் போலீஸ் கோவப்படறாரு?" என்றாள். அன்றைக்குத்தான் அடைப்புக்குள் "சாக்கு" என்று சேர்த்தேன். மறுபடி அனுப்பினேன். ஐந்தாவது கட்டம் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டாள்.